நீலச் சட்டை தம்பி, உங்களைத்தான்! கூட்டத்தில் ஒருவர் விழுந்தால் செய்ய வேண்டியவை

மாலை ஆறு மணி இருக்கும். ரயில் நிலைய மேம்பாலத்தின் படிக்கட்டு முடியும் இடத்தில் ஒருவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை மார்பில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு செருப்பு காலில் இருந்தது, இன்னொன்று இரண்டு படி மேலே கிடந்தது. அந்தச் செருப்பைத் தாண்டித்தான் நானும் இறங்கினேன்.

குடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இறங்கியவர்கள் யாரும் நிற்கவில்லை. அதைப் பார்த்ததும் ஒரு சமாதானம்: விஷயம் பெரிதாக இருந்தால் இத்தனை பேர் சும்மா போவார்களா? ஆனாலும் அந்தச் செருப்பு மனதை உறுத்தியது. பத்தடி தள்ளிப் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். என்னைப் போலவே நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டு ஐந்தாறு பேர் இருந்தார்கள். நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன், அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எல்லார் முகமும் சாதாரணமாகவே இருந்தது.

அப்போது ஒரு பெண்மணி தோளில் இருந்த துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தார். இரண்டு தோளையும் தட்டி, "அண்ணே, அண்ணே! நான் பேசுறது கேக்குதா?" என்றார். பதில் இல்லை. நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "இவரு பேச மாட்டேங்கிறாரு. நீலச் சட்டை போட்ட தம்பி, உங்களைத்தான்! ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க. பேசி முடிச்சதும் இங்க வந்து என்கிட்ட சொல்லுங்க" என்றார். அந்தப் பையன் தனக்குப் பின்னால் வேறு நீலச் சட்டை இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். இல்லை. உடனே போனை எடுத்தான்.

அவ்வளவுதான். அதுவரை கல்லாக நின்ற ஆறு பேரும் அரை நிமிடத்தில் ஆளுக்கொரு வேலை செய்துகொண்டிருந்தோம். அந்த அம்மா செய்ததில் எது எதற்காக என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகச் சொல்லப் போகிறேன். முதலுதவி தெரியாதவர்களும் இதில் பெரும்பகுதியைச் செய்யலாம்.

முதலில், கூட்டம் ஏன் உறைந்து நிற்கிறது

வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை ஈரமில்லாத கூட்டம் என்று திட்டுவது வழக்கம். அந்த எண்ணத்தை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். அது உண்மையும் இல்லை, அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யவும் முடியாது.

1968-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மாணவர் ஒரு தனி அறையில் உட்கார்ந்து, மற்ற அறைகளில் இருப்பவர்களுடன் ஹெட்போன், மைக் வழியாகப் பேச வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவருக்கு வலிப்பு வந்து, குரல் குழறி, உதவி கேட்கிறது. உண்மையில் அது பதிவு செய்யப்பட்ட குரல். தன்னைத் தவிர அதைக் கேட்டவர் யாரும் இல்லை என்று நம்பிய மாணவர்களில் 85 சதவீதம் பேர், அந்தக் குரல் அடங்கும் முன்பே எழுந்து போய் ஆளைக் கூப்பிட்டார்கள். தன்னோடு இன்னும் நான்கு பேர் அதைக் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படிப் போனவர்கள் 31 சதவீதம்தான்.

எனக்கு இந்த எண்களைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. எழுந்து போகாத மாணவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கவில்லை. பின்னர் ஆய்வாளர் உள்ளே போனபோது பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. "அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அவர்களே விசாரித்தார்கள். அக்கறை இருந்தது. போவதா, இருப்பதா என்ற முடிவுதான் வரவில்லை. 'வேறு யாராவது போயிருப்பார்கள்' என்ற நினைப்பு அந்த முடிவைத் தள்ளிப்போட்டது. பொறுப்பு ஒருவர் தலையில் விழாமல் பல தலைகளுக்கும் பிரிந்துபோவதால் இதற்குப் பொறுப்புச் சிதறல் என்று பெயர்.

படிக்கட்டில் என்னைத் தடுத்தது இது மட்டும் இல்லை, இதற்கு முந்தைய ஒரு கோளாறும்தான். அதே இருவர் செய்த இன்னொரு சோதனையில், மாணவர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் அறைக்குள் சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகை வந்தது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து சொன்னார்கள். மூன்று பேராக உட்கார வைத்த எட்டுக் குழுக்களில், மூன்றில் மட்டுமே யாராவது ஒருவர் சொன்னார். மற்றவர்கள் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு எழுதினார்கள். ஒவ்வொருவரும் பதற்றத்தை மறைத்துக்கொண்டு அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார். அடுத்தவரும் மறைத்துக்கொண்டிருக்கிறார். ஆக, எல்லோரும் சேர்ந்து 'ஒன்றும் இல்லை' என்ற தவறான முடிவுக்கு வருகிறார்கள்.

எனவே உடைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒன்றும் நடக்கவில்லை என்ற பாவனை. இன்னொன்று, வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. முதலாவதை உடைக்காமல் இரண்டாவதுக்குப் போக முடியாது.

நில்லுங்கள், கையில் இருப்பதைக் கீழே வையுங்கள்

அற்பமாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் தவறிப்போவது இங்கேதான். 1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இறையியல் படிக்கும் மாணவர்களை ஒரு கட்டிடத்திலிருந்து அடுத்த கட்டிடத்துக்குப் போகச் சொன்னார்கள். வழியில் ஒருவர் குனிந்து சுருண்டு இருமிக்கொண்டிருந்தார். "நேரமாகிவிட்டது, சீக்கிரம்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் உதவினார்கள். அவசரம் இல்லாமல் போனவர்களில் 63 சதவீதம். இரண்டு கூட்டமும் ஒரே கல்லூரி, ஒரே படிப்பு.

நடந்துகொண்டே யோசித்தால் கால்தான் ஜெயிக்கும். ஏதோ சரியில்லை என்று தோன்றினால் முடிவெடுக்க வேண்டாம், முதலில் நின்றுவிடுங்கள். பையைக் கீழே வையுங்கள். பை தரையில் இருந்தால் நீங்கள் போகிற ஆள் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும், சுற்றியிருப்பவர்களுக்கும் தெரியும். அந்த அம்மா பையை வைத்த கணத்தில்தான் என் மனதில் 'அப்போ இது நிஜம்தானோ' என்று முதன்முதலாகப் பட்டது.

சத்தமாகக் கேளுங்கள், பார்த்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள்

அருகில் போவதற்கு முன் ஒரு வினாடி சுற்றிலும் பாருங்கள். அறுந்த மின்கம்பி, ஓடும் வண்டி, தண்டவாளம் இருந்தால் நெருங்க வேண்டாம். அப்புறம் எதிரில் போய் இரண்டு தோளையும் தட்டி, உரக்கக் கேளுங்கள்: "நல்லா இருக்கீங்களா? நான் பேசுறது கேக்குதா?"

இந்தக் கேள்வி விழுந்தவருக்கு மட்டும் இல்லை, கூட்டத்துக்கும் சேர்த்துத்தான். அவர் கண்ணைத் திறந்து "தூங்கிட்டேன், விடுங்க" என்றால் உங்களுக்கு அரை நிமிட வெட்கம், அதோடு முடிந்தது. பதில் வராவிட்டால், அதை அத்தனை பேரும் காதால் கேட்டுவிட்டார்கள். உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இவரு பேசல. ஏதோ ஆயிடுச்சு." நிலைமைக்கு ஒருவர் பெயர் வைத்துவிட்டால், அதற்கு மேல் யாராலும் சாதாரண முகத்தோடு நிற்க முடியாது.

'குடித்திருப்பார்' என்ற நினைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1969-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நியூயார்க் சுரங்க ரயில் பெட்டிகளில் ஒருவரை விழச் செய்து பார்த்தார்கள். கைத்தடியோடு விழுந்தவருக்கு 65 முறையில் 62 முறை யாரும் கேட்காமலே உதவி வந்தது. சாராய வாடையோடு, கையில் பாட்டிலோடு விழுந்தவருக்கு 38 முறையில் 19 முறைதான். ஆனால் சர்க்கரை குறைந்தவரும், தலையில் அடிபட்டவரும், பக்கவாதம் வந்தவரும் குடித்தவரைப் போலவே குழறலாம், தள்ளாடலாம். போதாததற்கு, குடித்தவருக்கும் மாரடைப்பு வரும். வாசனையை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரு ஆள், ஒரு வேலை, திரும்பி வந்து சொல்

மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. நாம் இயல்பாகக் கத்துவது "யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்களேன்!" என்றுதான். இந்த 'யாராவது' என்ற சொல்தான் வினை. பொறுப்பை மறுபடியும் எல்லார் தலையிலும் தூவிவிடுகிறது. பத்துப் பேர் போனை எடுத்து, இன்னொருவர் பேசிக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் படம் பிடிக்க ஆரம்பிப்பார்கள்.

அந்த அம்மா சொன்ன வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். 'நீலச் சட்டை போட்ட தம்பி' என்றதும் ஒரே ஓர் ஆள் தனியாகப் பிரிந்து வந்துவிட்டான். 'உங்களைத்தான்' என்று கண்ணைப் பார்த்து, கையை நீட்டிச் சொன்னபோது தப்பிக்கும் வழி அடைபட்டது. 'ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க' என்பதில் 'உதவி பண்ணுங்க' என்ற மூட்டம் இல்லை. கையில் பிடிக்கக்கூடிய ஒரு வேலை அது. 'இங்க வந்து என்கிட்ட சொல்லுங்க' என்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதைச் சொல்லாவிட்டால், அழைப்பு போனதா, இணைப்பு கிடைக்காமல் பையன் அப்படியே நழுவிவிட்டானா என்று உங்களுக்குத் தெரியாமலே ஐந்து நிமிடம் ஓடிவிடும்.

ஓர் ஆளிடம் நேராகக் கேட்பதற்கு எவ்வளவு வலு என்பதற்கு 1975-இல் வெளிவந்த ஒரு கடற்கரைச் சோதனை இருக்கிறது. ஒருவர் துணி விரித்து, வானொலிப் பெட்டியை வைத்துவிட்டு எழுந்து போவார். சிறிது நேரத்தில் 'திருடன்' ஒருவன் வந்து அதைத் தூக்கிக்கொண்டு நடப்பான். போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம் "இதைக் கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா?" என்று கேட்டிருந்தால், 20 பேரில் 19 பேர் திருடனைத் தடுத்தார்கள். அப்படிக் கேட்காதபோது 20-இல் 4 பேர். 'சரி' என்று ஒருமுறை சொல்லிவிட்டவர் திருடனைத் துரத்திப் போகவும் தயாராகிவிடுகிறார்.

யாரைத் தேர்ந்தெடுப்பது? ஏற்கெனவே நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவரை. தூரத்தில் நடந்து போகிறவரைக் கூப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். உடையின் நிறம், தொப்பி, கண்ணாடி, கையில் இருக்கும் குடை என்று ஏதாவது அடையாளம் போதும். "சார்" என்று பொதுவாகக் கூப்பிட்டால் ஐந்து சார்கள் திரும்பி, ஐவரும் மற்ற நால்வரைப் பார்ப்பார்கள். கூப்பிட்டவர் கையை விரித்துப் பின்வாங்கினால் வாதாடாதீர்கள், அடுத்தவருக்கு மாறுங்கள்: "பச்சைப் புடவை அக்கா, நீங்க போடுங்க." கெஞ்சவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். வேலை சொல்கிற குரல் போதும்.

பேசப் போகிறவர் முதலில் சொல்ல வேண்டியது இடம். பாதியில் இணைப்பு அறுந்தாலும் இடம் போய்ச் சேர்ந்திருக்கும். "ரயில் நிலையம்" என்றால் போதாது. எத்தனையாவது நடைமேடை, எந்தப் பக்கப் படிக்கட்டு, தூணில் எண் எழுதியிருந்தால் அந்த எண். அப்புறம் என்ன நடந்தது, மூச்சு இருக்கிறதா என்பது. எதிர்முனையில் இருப்பவர் வைக்கச் சொல்லும் வரை போனை வைக்கக் கூடாது. முடிந்தால் ஒலிபெருக்கியில் போட்டு விழுந்தவர் அருகிலேயே நின்று பேசட்டும்.

என்னை அவர் "கண்ணாடிக்காரரே" என்று கூப்பிட்டு, நிலைய அலுவலகத்தில் இருந்து ஆளையும், இருந்தால் நின்றுபோன இதயத்துக்கு மின் அதிர்வு கொடுக்கும் கருவியையும் கொண்டு வரச் சொன்னார். ஓடினேன். வெட்கத்தைவிட எனக்கு அப்போது நிம்மதிதான் அதிகம். சொல்லப்படுவதற்காகவே காத்திருந்தேன் போல.

மூச்சைப் பாருங்கள்

வேலைகளைப் பிரித்துக் கொடுத்தாயிற்று. இப்போது அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை மெல்லப் பின்னால் சாய்த்து, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து வினாடிக்கு மிகாமல் பாருங்கள். சீராக மூச்சு இருந்தால், ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள். எங்கள் படிக்கட்டு மனிதருக்கு மூச்சு இருந்தது. வாந்தி எடுத்தார். ஒருக்களித்துக் கிடந்ததால் அது வெளியே வந்தது.

மூச்சு இல்லை என்றால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். கூட்டத்தை ஏமாற்றுகிற ஓர் அடையாளம் இங்கே உண்டு. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலருக்கு இடைவெளி விட்டு விட்டுக் குறட்டை போலவோ, மீன் வாயைத் திறப்பது போலவோ ஒரு திணறல் வரும். யாராவது "மூச்சு விடுறாரு, விடுங்க" என்பார்கள். அது மூச்சு இல்லை. பதில் இல்லாமல் அப்படித் திணறினால் அழுத்த ஆரம்பியுங்கள். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், அழுத்தம் குறைவது உங்களுக்கே தெரியாது. அதனால் அடுத்து அழுத்தப் போகிறவரையும் முன்கூட்டியே கைநீட்டிச் சொல்லி வையுங்கள்.

சுற்றி நெருக்குகிறவர்களை "காத்து வரட்டும், தள்ளுங்க" என்று விரட்டுவதைவிட, வேலை கொடுப்பது நன்றாக நடக்கிறது. ஒருவர் வாசலில் நின்று ஆம்புலன்ஸை அழைத்து வர, ஒருவர் படிக்கட்டில் கூட்டத்தை ஒரு பக்கமாக அனுப்ப. வேலை இல்லாதவர்தான் எட்டிப் பார்ப்பார்.

விழுந்தவர் நீங்களாக இருந்தால்

நெஞ்சு வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று தெரிந்ததும், ஓரமாகப் போய் உட்கார்ந்து சமாளிக்கத்தான் தோன்றும். ஓரத்தில் உட்கார்ந்தவர் ஓய்வெடுப்பவராகத் தெரிவார். பேச்சு இருக்கும்போதே ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்: "தம்பி, எனக்கு நெஞ்சு வலிக்குது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டுட்டு என்கூடவே இருங்க." பொத்தாம்பொதுவாகக் கூப்பிடும் முனகலைவிட இந்த ஒரு வாக்கியம் மேல்.

யாராவது உங்களைப் பிடித்து இழுத்து வம்பு செய்தால், சுற்றியிருப்பவர்கள் அதைக் குடும்பச் சண்டை என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து பெரிது. 1976-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தாக்குவது போல நடித்தார்கள். அவள் "நீ யாருன்னே எனக்குத் தெரியாது" என்று கத்தியபோது பார்த்தவர்களில் 65 சதவீதம் பேர் தலையிட்டார்கள். "உன்னை ஏன்தான் கட்டிக்கிட்டேனோ" என்று கத்தியபோது 19 சதவீதம். ஆள் அந்நியன் என்றால் அதை முதலில் கத்துங்கள். அதே கணக்கில், பார்ப்பவராக நீங்கள் இருந்தால், கணவன் மனைவி போலத் தெரிகிறது என்பதற்காக நகர்ந்துவிடாதீர்கள். அடித்துக்கொள்பவர்களுக்கு நடுவே பாய வேண்டிய அவசியமும் இல்லை. தள்ளி நின்று காவல்துறையை அழைக்கலாம், பக்கத்தில் இருவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் மட்டும் "என்னம்மா, ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்கலாம்.

எப்போதும் இப்படித்தானா?

இல்லை. 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று பத்திரிகையில் வந்தது. இந்த ஆய்வுகள் எல்லாம் தொடங்கியதே அந்தச் செய்தியிலிருந்துதான். ஆனால் அந்தக் கதை மிகைப்படுத்தப்பட்டது என்று பிற்பாடு தெரியவந்தது. முழுவதையும் பார்த்தவர்கள் மிகச் சிலர். ஒரு பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து கடைசியில் அவளைக் கையில் தாங்கியிருந்தாள்.

பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பின்னர் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆட்கள் கூடக்கூட, யாராவது ஒருவர் வரும் வாய்ப்பும் கூடியது. ஆபத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற இடத்தில் கூட்டம் அவ்வளவாக உறைவதில்லை. என் அனுபவத்தில் உறைய வைப்பது அந்தத் தூணில் சாய்ந்த மனிதரைப் போன்ற அரைகுறைக் காட்சிதான். தூங்குகிறாரா, மயக்கமா என்று தெரியாத நிலை.

நீங்கள் கிளம்பும்போது

கடைசியில் ஒரு கண்ணி இருக்கிறது, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆட்கள் வந்துவிட்டார்கள், போன் போயாயிற்று என்று தொடங்கி வைத்தவர் மெல்ல நகர்ந்தால், பொறுப்பு மறுபடியும் சிதறிவிடும். மிச்சம் இருப்பவர்களும் ஒவ்வொருவராகக் கரைந்துபோவார்கள்.

அந்த அம்மாவுக்கு ரயில் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் என்னிடம் வந்து, "கண்ணாடிக்காரரே, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நீங்க இவர்கூட இருப்பீங்களா?" என்று கேட்டார். நான் "சரிம்மா" என்றேன். "ஆறு அஞ்சுக்குப் பார்த்தேன். பேச்சே இல்ல, மூச்சு இருந்துச்சு, ஒரு தடவை வாந்தி. வர்றவங்ககிட்ட இதை அப்படியே சொல்லிடுங்க" என்றுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினார்.

எனக்கு இரண்டு ரயில் போயிற்று. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது மேல் படியில் கிடந்த செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் வைத்தேன்.